நெஞ்சுக்குள் இருந்த எண்

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தது 2017-இல், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில். மடிப்பாக்கத்தில் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாடி நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டவில்லை. ஹார்ட் பிளாக் என்றார்கள். ரத்தக் குழாயில் வரும் அடைப்பு அல்ல இது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு வரவேண்டிய மின்துடிப்பு வழியிலேயே நின்றுபோவது. அன்று இரவு தற்காலிகக் கருவி ஒன்றை மாட்டி உயிரைக் காப்பாற்றினார்கள். மறுநாள் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில், நிரந்தரக் கருவியை வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு கம்பிகள் இதயத்தின் இரண்டு அறைகளுக்குப் போகின்றன. லீடு என்று அவற்றைச் சொல்வார்கள்.

இந்தக் கதைக்கு வேண்டியது, அந்த அவசரத்தில் பதிவுச் சீட்டை நிரப்பியது யார் என்பதுதான். சித்தப்பா மகன்தான் கவுன்ட்டரில் நின்றான். பெரியம்மாவுக்கு வயது என்ன என்று கேட்டதற்கு அறுபது இருக்கும் என்றான். கணினி அந்த அறுபதை வைத்துப் பிறந்த ஆண்டைத் தானே கணக்கிட்டு, ஜனவரி முதல் தேதி என்று போட்டுக்கொண்டது. முகவரி மடிப்பாக்கம். ஆங்கிலத்தில் பெயரை Thanalakshmi என்று அடித்தார்கள். ஆதாரில் அது Dhanalakshmi, பின்னால் அப்பாவின் முழுப்பெயர். மன்னார்குடியிலிருந்து மறுநாள் காலையில் அப்பா வந்து சேர்ந்ததும் கைபேசி எண்ணைக் கேட்டார்கள். அவர் தன் எண்ணைக் கொடுத்தார். அம்மாவிடம் அப்போது போனே கிடையாது.

வீட்டுக்கு அனுப்பும்போது, ரிப்போர்ட் எல்லாவற்றையும் இனிமேல் இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அந்த எண்ணிலேயே ஒரு கணக்கும் தொடங்கிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அதில் பெரிய திருப்தி. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து எங்கள் வீட்டு ஓடுகளைத் தூக்கியெறிந்த இரவில், தகரப் பெட்டியில் இருந்த காகிதம் அத்தனையும் ஊறிப்போனது. பத்திரம், ரேஷன் கார்டு, அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, பேஸ்மேக்கர் கார்டு எல்லாம். அந்தக் கார்டு தடித்த தாளில் மடித்துக் கொடுத்த ஒன்று. கையால் எழுதிய மை கரைந்து நீலத் திட்டாக நின்றது. பத்திரத்துக்காக அலைந்த அப்பா, அம்மாவின் காகிதங்களைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. “அது போன்ல இருக்கும்மா” என்றார்.

2021-இல் அப்பா போய்விட்டார். அவருடைய எண்ணை யாரும் பயன்படுத்தவில்லை. ரீசார்ஜ் இல்லாமல் அது நின்றுபோனது. நின்றுபோன எண்ணைத் தொண்ணூறு நாளுக்கு வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு தாராளமாகக் கொடுக்கலாம். கொடுத்திருந்தார்கள்.

இது எங்களுக்குத் தெரியவந்தது 2024-இல். அம்மாவுக்கு இடுப்பிலிருந்து இரண்டு காலுக்கும் மரமரப்பு இறங்கியது. பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் மருத்துவர். தஞ்சாவூரில் ஸ்கேன் மையத்தில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, “பேஸ்மேக்கர் கார்டு இருக்கா?”

அந்தப் பெண் கேட்டது சரிதான். எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்துக்குள் எல்லாப் பேஸ்மேக்கரும் போக முடியாது. போகலாம் என்று சோதித்து உறுதிசெய்த மாடல்கள் இருக்கின்றன. ஆனால் கருவி மட்டும் அந்த வகையாக இருந்தால் போதாது, அதோடு சேர்ந்த இரண்டு லீடுகளும் அந்த வகையாக இருக்க வேண்டும். ஸ்கேன் நடக்கும்போது பாயும் ரேடியோ அலை லீடின் நுனியைச் சூடாக்கும். அந்த நுனி இதயத் தசைக்குள் பதிந்திருக்கிறது. அதனால் மூன்றின் மாடல் எண்ணும் எழுத்தில் இல்லாமல் உள்ளே அனுப்ப மாட்டார்கள்.

கருவியின் எண் எங்களிடம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை திருச்சியில் பரிசோதனைக்குப் போவோம். அங்கே கருவி நிறுவனத்தின் ஆள் வந்து நெஞ்சின் மேல் ஒரு வட்டமான பொருளை வைத்துப் படிப்பார். மாடல், வரிசை எண், பேட்டரி நிலவரம் எல்லாம் திரையில் வரும். ஆனால் லீடின் எண்ணைக் கருவி தானாக அறியாது. வைத்த அன்று யாராவது அதில் உள்ளிட்டிருந்தால்தான் இருக்கும். அம்மாவுடைய கருவியில் அந்த இரண்டு கட்டங்களும் காலி. ஆக எங்களுக்குத் தெரிந்து லீடின் எண் இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான், 2017-இல் எழுதிய கேஸ் ஷீட்.

அப்பாவின் கணக்கைத் திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கடவுச்சொல் தெரியாது. மறந்துவிட்டது என்ற பொத்தானை அழுத்தினால், ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று அப்பாவின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைக் காட்டியது. அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். திண்டுக்கல் பக்கத்தில் வண்டி ஓட்டும் ஒரு தம்பி எடுத்தார். நல்ல பிள்ளை. விவரம் சொன்னதும், “ஆமாக்கா, அந்த ஆஸ்பத்திரியிலேருந்து எனக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கும். இப்பக்கூட ஒரு ஓடிபி வந்துச்சு. சொல்லட்டுமா?” என்றார்.

வேண்டாம் தம்பி என்றேன். வீட்டில் இதற்காக என்னைக் கோபித்துக்கொண்டார்கள். அவராகவே சொல்கிறேன் என்னும்போது வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு என்று கேட்டார்கள். எனக்கு அந்த நிமிடத்தில் வந்தது பயம். அவர் சொன்னால் நாங்கள் உள்ளே போகலாம் என்றால், அவர் சொல்லாமலேயே அவர் உள்ளே போகலாம். புதுக் கடவுச்சொல் போட்டு எங்களை நிரந்தரமாக வெளியே நிறுத்தலாம். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் மருந்துப் பட்டியலும் முன்பின் தெரியாத ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் மூன்று ஆண்டாக இருந்திருக்கின்றன. அவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஓடிபி ஒன்றைத்தான் நிரூபிக்கும், இந்த சிம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை. நோயாளி யார் என்று அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கை ஓடிபியால் திறக்காமல், எண்ணையே மாற்றிவிட வேண்டும் என்று அப்போது முடிவுசெய்தேன்.

ஆபா எண் எடுத்தால் எல்லா ரிப்போர்ட்டும் வந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் கொடுக்கும் பதினான்கு இலக்க எண் அது. ஆதாரை வைத்து எடுத்தால், அதற்கும் ஆதாரோடு இணைந்த போனுக்குத்தான் ஓடிபி போகும். அம்மாவின் ஆதாரிலும் அப்பாவின் எண்தான். சரி, அதையாவது மாற்றுவோம் என்று ஆதார் மையத்துக்கு அழைத்துப் போனேன். போன் எண்ணை மாற்ற எந்த ஆவணமும் கேட்பதில்லை, ஆள் நேரில் வந்து கைரேகை வைத்தால் போதும். ஆயுசுக்கும் பாத்திரம் தேய்த்த விரல்கள், ஒன்றுகூடப் பதியவில்லை. கண்ணை வைத்துப் படித்ததில் ஒரே முறையில் வந்துவிட்டது. ஆபா எண்ணும் கிடைத்தது. ஆனால் அதற்குள் எதுவும் இல்லை. ஆபா ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைப்பதில்லை. மருத்துவமனை தன் ஏட்டை அந்த எண்ணோடு இணைத்தால் வழிகாட்டும், அவ்வளவுதான். அந்தத் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியதே 2021 செப்டம்பரில். 2017-இன் கேஸ் ஷீட்டை அதோடு யாரும் இணைத்திருக்கவில்லை.

மருத்துவமனையின் உதவி எண்ணில் பேசினேன். போன் எண் மாற்றத்தை அவர்களால் செய்ய முடியாது, நோயாளியே நேரில் வர வேண்டும், அல்லது அவர் கையெழுத்திட்ட கடிதமும் இருவரின் அடையாள அட்டையும் வேண்டும் என்றார்கள். நடக்க முடியாதவரைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டுமா என்று கடிதத்தோடு நான் மட்டும் போனேன். பதிவுக் கவுன்ட்டரில் ஆதாரைப் பார்த்துத் தட்டினார்கள். அந்தப் பெயரில், அந்தப் பிறந்த தேதியில் யாரும் இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டால் அதே பெயரில் நிறையப் பேர். “உங்க யூ.எச்.ஐ.டி. என்ன?” என்றார் கவுன்ட்டரில் இருந்த பையன். நோயாளிக்கு மருத்துவமனை கொடுக்கும் நிரந்தர எண் அது. ஒருமுறை கொடுத்தால் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் அதே எண். அது இருந்த காகிதம் அத்தனையும் கஜாவில் போனது.

அங்கிருந்து மருத்துவ ஏடுகள் பிரிவுக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.டி. என்று எல்லோரும் சொல்வது. அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. அங்கே பொறுப்பிலிருந்த அம்மையாரை நான் மறக்க மாட்டேன். நான் விவரம் சொல்லச் சொல்ல அவர் ஏதோ தேடினார். தேடிய பிறகு திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, “சேர்க்கும்போது எந்த முகவரி கொடுத்தீங்க?” என்று கேட்டார். மடிப்பாக்கமா என்று அவர் கேட்டிருந்தால் ஆமாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் பதிலை என் வாயிலிருந்துதான் எதிர்பார்த்தார். எந்தத் தேதி, எந்த வார்டு, யார் கூட இருந்தார்கள், என்ன சிகிச்சை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு கேள்விக்குக்கூட விடையை அவர் உதிர்க்கவில்லை. கடைசியில், “நீங்க சொல்றது ஒரு ஃபைலோட ஒத்துப்போகுது. ஆனா சொல்லத் தெரிஞ்சவங்க எல்லாரும் சொந்தக்காரங்கதான். சொந்தக்காரங்க வேற, பேஷன்ட் வேற. எழுத்துல ஏதாவது ஒண்ணு கொண்டு வாங்க, அந்த நம்பர் இருக்கிற மாதிரி” என்றார்.

அப்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. திண்டுக்கல் தம்பியை நினைத்துப் பார்த்தபோது அம்மையார் கேட்டது நியாயமாகப் பட்டது. கணக்கை மீட்கும் வழியை எளிதாக்கினால் அது எல்லோருக்கும் எளிதாகும். சொத்துத் தகராறில், விவாகரத்து வழக்கில், இன்ஷூரன்ஸ் விவகாரத்தில் ஒருவரின் மருத்துவ ஏட்டைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவர்கள்தான். வயதும் முகவரியும் பிறந்த ஊரும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஊருக்குத் திரும்பி வந்து பரணை உருட்டினேன். காகிதம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அத்தனை ஆண்டும் நினைத்திருந்தோம். ஒரு பழுப்பு உறை, பொருக்குத் தட்டிப்போய், ஒட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே எக்ஸ்ரே. பிளாஸ்டிக் தாளை மழை ஒன்றும் செய்யவில்லை. துணியால் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். விலா எலும்புகளுக்கு மேல், இடது தோளுக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் வெள்ளையாகக் கருவி. அதிலிருந்து இரண்டு மெல்லிய கோடுகள் வளைந்து இறங்கி, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் முடிகின்றன. இடது மூலையில் பொடி எழுத்தில் Thanalakshmi, 60Y/F, ஒரு நீண்ட எண், தேதி. அந்த நீண்ட எண்தான் யூ.எச்.ஐ.டி.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களில் நோயாளி எண் அச்சாகியிருக்கும் என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை. பழைய ரத்தப் பரிசோதனைத் தாளிலும், மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக்கடை பில்லிலும்கூட அது இருக்கும் என்று பிறகு எம்.ஆர்.டி. அம்மையார் சொன்னார். இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் வாங்கியவர்கள் அவர்களிடம் கேட்டால், கொடுத்த பில்லின் நகலிலிருந்து எடுத்துத் தருவதும் உண்டாம்.

இந்தமுறை அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். ரயிலில் படுத்தபடியே வந்தார். எண்ணைத் தட்டியதும் ஃபைல் வந்துவிட்டது. ஆனாலும் எக்ஸ்ரே கையில் இருப்பதால் மட்டும் இந்த அம்மா அந்த அம்மா ஆகிவிட முடியாது. ஆதாரில் இருக்கும் பெயருக்கும் ஃபைலில் இருக்கும் பெயருக்கும் எழுத்து வேறு, வயது மூன்று ஆண்டு வேறு, ஊர் வேறு, போன் வேறு. அம்மையார் கேஸ் ஷீட்டை வரவழைத்தார். அதற்கே நேரம் பிடித்தது. பழைய ஃபைல்கள் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் இருக்கின்றன. அவை இருந்ததே நல்லகாலம். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள், உள்நோயாளி ஏடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கின்றன. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. கேட்பது யார் என்று தீர்ந்த பிறகுதான் அந்த மணிக்கணக்கு உதவும்.

ஃபைல் வந்ததும் ஒப்புதல் படிவத்தைப் பார்த்தார். அதில் கையெழுத்து அப்பாவுடையது. மயக்கத்தில் இருந்தவரிடம் யார் வாங்கியிருக்க முடியும்? அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் காட்டினேன். இரண்டிலும் அம்மாவின் பெயர் மனைவி என்று இருந்தது. அது உறவை நிறுவியது. ஆள் இவர்தானா என்பது இன்னும் பாக்கி. அம்மையார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இதயப் பிரிவுக்குப் போன் செய்தார். “பேஸ்மேக்கர் செக் பண்றவங்க இருக்காங்களா? ஒரு பேஷன்ட்டை அனுப்புறேன். சீரியல் நம்பர் மட்டும் பிரின்ட் எடுத்துக் குடுங்க.”

திருச்சியில் எடுத்த தாள் என்னிடம் இருக்கிறதே என்று நீட்டினேன். “இருக்கட்டும்மா. அது யார் நெஞ்சுல வச்சு எடுத்ததுன்னு எனக்குத் தெரியாதில்ல” என்றார்.

மாடியில் அம்மாவைப் படுக்கவைத்து, புடவையை விலக்கி, தோளுக்குக் கீழே இருந்த தழும்பின் மேல் அந்த வட்டக் கருவியை வைத்தார்கள். சில நொடியில் திரையில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் வந்தன. அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு செவிலியர் ஒருவர் எங்களோடேயே கீழே வந்தார். அம்மையார் கேஸ் ஷீட்டில் அறுவை சிகிச்சைக் குறிப்பைப் புரட்டினார். உடலுக்குள் வைக்கும் எந்தப் பொருளின் பெட்டியிலும் ஒட்டுத்தாள்கள் சில இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், ஒன்று பில்லோடு போகும், ஒன்று நோயாளியின் கார்டில். அந்தப் பக்கத்தில் மூன்று ஒட்டுத்தாள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதலாவது கருவி. அவர் பேனா நுனியால் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். பிறகு ஒருமுறை கடைசியிலிருந்து முதலுக்கு. எல்லாம் ஒன்று.

“இவங்கதான்” என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

கீழே இருந்த இரண்டு ஒட்டுத்தாளும் லீடுகளுடையவை. அம்மாதான் அம்மா என்று சொன்ன அதே பக்கம்தான் நாங்கள் தேடி வந்த பக்கமும். விண்ணப்பம் எழுதி, ஆதார் நகல் வைத்து, அந்தப் பக்கத்துக்கும் சம்மரிக்கும் முத்திரையோடு நகல் வாங்கினோம். பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் ஆதார்படி திருத்தினார்கள். எந்த எண்ணைப் போடட்டும் என்று கேட்டபோது என் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கைப்பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். “எனக்குத்தான இப்ப போன் இருக்கு பாப்பா. என் நம்பரையே போடச் சொல்லு” என்றார். ஓடிபி அந்தப் போனுக்கு வந்தது. அம்மாவே ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டினார்.

அன்றிரவு கணக்குக்குள் போய்ப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைகள் இருந்தன, பில்கள் இருந்தன, டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்தது. சம்மரியில் இரட்டை அறைப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது என்று ஒரு வரி, கருவியின் பெயர். லீடைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா நம்பியிருந்த அந்தக் கணக்கு முதல் நாளே திறந்திருந்தாலும் ஸ்கேன் மையத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்காது. கேஸ் ஷீட் முழுதும் அதில் ஏற்றுவதில்லை. உடம்புக்குள் எதையாவது வைத்துக்கொண்டவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் அன்றே ஒட்டுத்தாள் இருக்கும் பக்கத்தைக் கேட்டு நகல் வாங்கிவிட வேண்டும் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

மூன்று மாடலும் எம்.ஆர்.ஐ.க்கு உகந்த சேர்க்கைதான் என்று நிறுவனத்தின் ஆள் எழுதிக் கொடுத்தார். 1.5 டெஸ்லா இயந்திரத்தில், முன்னதாகக் கருவியை அதற்கான நிலைக்கு மாற்றி, ஸ்கேன் முழுக்க இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். முதுகுத்தண்டில் இரண்டு இடத்தில் இடைவெளி குறுகியிருந்தது. அதற்கான சிகிச்சை நடக்கிறது.

ஏடு வாங்கிய அன்று மருத்துவமனையில் இன்னொன்றும் பாக்கியிருந்தது. அப்பாவும் அதே மருத்துவமனையில் ஒருமுறை சர்க்கரைக்குக் காட்டியிருந்தார். ஒரே எண்ணில் இரண்டு பேர். அம்மாவுடையதை மாற்றினாலும் அப்பாவின் ஏடு அந்த எண்ணிலேயே நிற்கும். இறந்தவரின் ஏட்டில் எண்ணை மாற்ற வாரிசு எழுதித் தர வேண்டும் என்றார்கள். கையில் சான்றிதழ் இருந்ததால் அன்றே எழுதிக் கொடுத்து, எண்ணை நீக்கி, இணையக் கணக்கை மூடச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஒரு வாரம் கழித்துத் திண்டுக்கல் தம்பிக்குப் போன் செய்து, இனிமேல் உங்களுக்கு அங்கிருந்து எதுவும் வராது என்று சொன்னேன். “நேத்து ஒண்ணு வந்துச்சேக்கா” என்றார். முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி, அப்பா ரெங்கநாதன் பெயரில். எம்.ஆர்.டி. அம்மையாரைக் கேட்டேன். விளம்பரச் செய்திகள் போகும் பட்டியல் வேறு, அது எங்கள் கையில் இல்லை, தனியாக எழுத வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். இரண்டு யூ.எச்.ஐ.டி.யையும் குறிப்பிட்டு, இறப்புச் சான்றிதழை இணைத்து, அன்று மாலையே எழுதினேன்.